ஃபிரிஞ்ச் வெட்டிய பிறகு கோணலா, குட்டையா, பிளவா? மறுபடி கத்திரி எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டிலேயே ஃபிரிஞ்ச் வெட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள். ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, அல்லது நடுவில் பிளந்து நிற்கிறது. கை உடனே கத்திரிக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். கண்ணுக்குத் தெரியும் குறை எல்லாமே வெட்டில் இருப்பதில்லை. பாதிக் குறைகள் முடி விழும் விதத்தில் இருக்கும். வெட்டு சமமாகவே இருக்கும், ஆனால் வகிடு ஒரு பக்கம் இழுக்கும், சுழி மேலே தள்ளும், வேரில் ஈரமோ எண்ணெயோ இருந்து கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். விழும் குறையை வெட்டிச் சரிசெய்யப் போனால், அது நிஜமான வெட்டுக் குறை ஆகிவிடும். பிறகு அது வளரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், ஒரு செ.மீ. அதிகமாகப் போனால் ஒரு மாதம்.

அதனால் எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனை.

முதல் சோதனை: வெட்டா, விழுதலா?

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் முடி எங்கே விழுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மீதி முடியைக் கிளிப் போட்டுப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஃபிரிஞ்சின் வேர்ப்பகுதியை மட்டும் விரல் நுனியால் தண்ணீர் தொட்டு நனையுங்கள். நுனி நனைய வேண்டாம். அப்புறம் சீப்பை நெற்றியோடு ஒட்டி, முதலில் முழுவதையும் இடப்பக்கம் சீவுங்கள், அடுத்து வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். வேர் காயும் வரை இப்படி மாற்றி மாற்றிச் சீவி, கடைசியில் நேராகக் கீழே இறக்கி விடுங்கள். டிரையர் இருந்தால் காற்று மேலிருந்து கீழாக வரும்படி பிடிக்கலாம், ஆனால் முடி சூடு ஆறும் வரை பார்க்கக் கூடாது.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், முடி எந்தத் திசையில் காய்கிறதோ அந்தத் திசையையே பிடித்துக்கொள்ளும். நனையும்போது முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும், காயும்போது அந்தப் புதிய நிலையில் மறுபடி சேரும். தூங்கி எழுந்த மடிப்பு, வகிட்டின் சாய்வு, கிளிப் போட்ட தடம் எல்லாம் இப்படி அழிந்துவிடும். இதற்குப் பிறகும் குறை தெரிந்தால்தான் அது வெட்டுக் குறை. குறைந்துபோனால், மீதி இருக்கும் அளவுதான் நீங்கள் கை வைக்க வேண்டிய அளவு.

கத்திரி வைக்கும் முறை

கீழே ஒவ்வொரு குறைக்கும் ‘கொத்துங்கள்’ என்று சொல்லப்போகிறேன். அதன் பொருள் இதுதான். தலைக்குக் குளித்து, முழுவதும் காய்ந்த, எண்ணெய் வைக்காத முடி. ஒரு விரல் அகலக் கற்றை. அதை இரண்டு விரலுக்கு நடுவே இழுக்காமல் பிடித்து, முகத்திலிருந்து ஒரு விரல் கனம் மட்டும் முன்னால் கொண்டுவர வேண்டும். கத்திரியைக் கிடையாக அல்ல, நுனி மேலே பார்க்க, முடியோடு ஏறக்குறைய அதே திசையில் வைத்து, 2 அல்லது 3 மி.மீ. ஆழத்துக்கு நுனியால் மட்டும் சின்னச் சின்னதாக வெட்டுவது. கத்திரி நுனி மேல்நோக்கி இருப்பதால் சுண்டுவிரலை மூக்குத் தண்டில் ஊன்றி வெட்டுங்கள், கை நடுங்காது.

முடி வெட்டவே செய்த சிறிய கத்திரி வேண்டும், 5 அல்லது 5½ அங்குலம் போதும். கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க, டிஷ்யூ பேப்பரை ஈரமாக்கி நுனியால் வெட்டிப் பாருங்கள். சுத்தமாக வெட்டினால் சரி. மடங்கிக்கொண்டு இரண்டு தகட்டுக்கு நடுவே சிக்கினால் முடியையும் அப்படித்தான் செய்யும்: வெட்டாமல் முன்னால் தள்ளும், நுனியை நசுக்கும். சமையலறைக் கத்திரியும் காகிதக் கத்திரியும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும்.

சீப்பில் பேன் சீப்பு வேண்டாம். அதன் நெருக்கமான பற்கள் முடியை விறைப்பாக இழுத்துவிடும். இழுத்து வெட்டிய முடி விட்டதும் மேலே ஏறும்.

குறை 1: வெட்டும்போது புருவத்தில் இருந்தது, இப்போது நெற்றி நடுவில் நிற்கிறது

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஈரமாக வெட்டியிருக்கலாம். ஈர முடி நீளும், காய்ந்ததும் சுருங்கும். நேர்முடியில் இந்த வித்தியாசம் சிறியது, அலை முடியில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், சுருட்டை முடியில் விரல் அகலத்துக்கும் மேல் போகலாம். காய வைத்து வெட்டச் சொல்வதன் முழுக் காரணமும் இதுதான்: கண்ணில் தெரியும் நீளமே கடைசி நீளம்.

எண்ணெய் வைத்தபடி வெட்டியிருக்கலாம். எண்ணெய் முடியைப் படிய வைத்துக் கீழே இறக்கும், பிசிறுகளை ஒன்றாக ஒட்டி மறைக்கும். அடுத்த நாள் ஷாம்பு போட்டுக் குளித்ததும் முடி எழும்பி, குட்டையாகவும் கரடுமுரடாகவும் தெரியும். தினமும் எண்ணெய் வைப்பவராக இருந்தாலும் வெட்டுவது குளித்துக் காய்ந்த முடியிலேயே இருக்கட்டும். முடி மிகக் குட்டையாகத் தெரியும் நிலை அதுதான். அந்த நிலையில் போதுமான நீளம் இருந்தால் எண்ணெய் வைத்த நாளிலும் குறை வராது.

மூன்றாவது, தலையைக் குனிந்து வெட்டியது. குனிந்தால் முடி நெற்றியை விட்டு விலகித் தொங்கும். அப்போது கண்ணுக்கு நேராக வெட்டினால், நிமிர்ந்து நெற்றி வளைவின் மேல் படியும்போது மேலே போய்விடும். கண்ணாடி உங்கள் கண் உயரத்தில் இருக்க வேண்டும். சின்னக் கண்ணாடியை மேஜையில் வைத்துக் குனிந்து பார்த்து வெட்டுவது இந்தக் குறைக்கு நேர்வழி.

நான்காவது, புருவத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டியது. கவனமாக வேலை செய்யும்போது பலருக்கும் புருவம் தானாக உயரும். புருவத்தை அளவாக வைத்து வெட்டியிருந்தால், முகம் தளர்ந்ததும் புருவம் கீழே இறங்கும், முடி மேலேயே நிற்கும். கண்ணாடி முன் இப்போதே ஒரு தடவை புருவத்தைத் தூக்கி இறக்கிப் பாருங்கள், எவ்வளவு நகர்கிறது என்று தெரியும்.

சரிசெய்ய: போன நீளத்தைக் கொண்டுவர முடியாது, ஆனால் குட்டையாகத் தெரிவதைக் குறைக்கலாம். வேரை நனைத்து, தட்டையான சீப்பால் நெற்றியோடு ஒட்டிக் கீழ்நோக்கிக் காய வையுங்கள். உருண்டை பிரஷ் வேண்டாம், அது வேரைத் தூக்கி இன்னும் குட்டையாக்கும். நுனி தடித்த கோடாக இருந்தால் 2 மி.மீ. மட்டும் கொத்தி மென்மையாக்குங்கள். கோடு கலைந்ததும் எங்கே முடிகிறது என்று கண் சட்டென்று பிடிக்காது. அதற்கு மேல் தொட வேண்டாம்.

குறை 2: ஒரு பக்கம் இறங்கி, கோணலாக இருக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இங்கேதான் அதிகம். இடப்பக்கம் நீளம் என்று இடப்பக்கம் வெட்டுவார்கள், இப்போது வலப்பக்கம் நீளமாகத் தெரியும், அதை வெட்டுவார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறிக்கொண்டே போகும்.

என் அக்கா மகளுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். புருவம் வரை ஃபிரிஞ்ச், ஓரளவு நேர்முடி. தானே வெட்டிக்கொண்டு, ‘சித்தி, இடப்பக்கம் தொங்குது, கொஞ்சம் எடுத்து விடுங்க’ என்று வந்தாள். பார்த்தால் உண்மையாகவே இடப்பக்கம் அரை செ.மீ.க்கும் மேல் இறங்கியிருந்தது. அவள் சொன்னபடி அரை செ.மீ. எடுத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

முதலில் அவள் வகிட்டைப் பார்த்தேன். வலப்பக்கம் வகிடு எடுத்து இடப்பக்கம் சீவும் பழக்கம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒரே வகிடு. அதனால் ஃபிரிஞ்சின் வேர்களும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. வலப்பக்க முடி நெற்றியைக் குறுக்கே கடந்து இடப்பக்கம் போய் விழுந்தது. குறுக்கே போகிற முடிக்கு அந்த வழியிலேயே நீளம் செலவாகும், அதனால் வலப்பக்கம் குட்டையாகவும், இடப்பக்கம் முடி குவிந்து நீளமாகவும் தெரியும். வேரை நனைத்து இரண்டு பக்கமும் மாற்றிச் சீவிக் காய வைத்ததும் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. மிச்சம் இருந்தது 3 மி.மீ. அளவுதான். அதுதான் வெட்டில் இருந்த குறை.

அடுத்த கேள்வி, எதை வைத்து அளப்பது? புருவத்தை வைத்து அளக்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு புருவம் சற்று உயர்ந்திருக்கும். அவளுக்கும் வலப்புருவம் உயரம். கண்பாவைகள் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, சீப்பைக் கிடையாக அந்தக் கோட்டுக்கு இணையாக ஃபிரிஞ்சின் அடியில் பிடித்துப் பார்த்தால் போதும். தனியாக இருப்பவர்கள் ஃபோனைக் கண் உயரத்தில் எதிலாவது சாய்த்து வைத்து, தலை நேராக, முகம் தளர்வாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது தலை தானாகவே ஒரு பக்கம் சாயும், படத்தில் அந்தச் சாய்வும் தெரிந்துவிடும். கோணல் தலையில் இருந்ததா முடியில் இருந்ததா என்று அப்போது புரியும்.

பிறகு வெட்டினேன். மூக்குத் தண்டுக்கு நேர் மேலே, நடுவிலிருந்து ஒரு மெல்லிய கற்றையை எடுத்தேன். அவளுக்குப் பிடித்த நீளம் அங்கே இருந்ததால் அதுதான் அளவுக்கற்றை, அதைத் தொடவில்லை. அதோடு இடப்பக்கத்து அடுத்த விரல் அகலக் கற்றையைச் சேர்த்துப் பிடித்தேன். அளவுக்கற்றையின் நுனிக்குக் கீழே தொங்கியதை மட்டும் கொத்தினேன். விட்டு, சீவி, முடி அடங்கும் வரை நின்று, பார்த்துவிட்டுத்தான் அடுத்த கற்றை. இப்படி நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே போக்கில் போனால் கை தன்னையறியாமல் ஏறும் அல்லது இறங்கும். அவளுடைய முதல் வெட்டு கோணலானதும் அப்படித்தான்.

1 மி.மீ. போல மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். முடி அசைந்தால் அது தெரியாது, தேடிப்போனால் மறுபடி கோணலாகும். வலப்பக்கத்தை வெட்டவே இல்லை. வகிட்டை நடுவுக்கு மாற்றிச் சீவச் சொன்னேன்.

இரண்டு ஓரமும் சமமாக இறங்கி, நடு மட்டும் ஏறியிருந்தால் அது வேறு கதை. முழு ஃபிரிஞ்சையும் நடுவில் சேர்த்துப் பிடித்தோ முறுக்கியோ ஒரே வெட்டாக வெட்டியதன் விளைவு அது. ஓரத்து முடி நடுவுக்கு வந்து சேரத் தூரம் அதிகம், அதனால் விட்டதும் நீளமாக நிற்கும். நடுவில் பிரித்து இரு பக்கமும் ஒதுக்கிவிட விரும்பினால் இதுவே அழகான வடிவம், அப்படியே விடலாம். நேர் ஃபிரிஞ்ச் வேண்டுமென்றால், ஓரத்து முடியை அது விழும் இடத்திலேயே பிடித்துக் கொத்துங்கள், நடுவுக்கு இழுக்காதீர்கள்.

குறை 3: நடுவில் பிளக்கிறது, அல்லது ஒரு கொத்து மட்டும் தூக்கி நிற்கிறது

நெற்றி முடியோரத்தில் சுழி இருக்கிறதா என்று பாருங்கள். முன்முடியை நனைத்து முழுக்கப் பின்னால் சீவி, உள்ளங்கையால் மெல்ல முன்னால் தள்ளினால் முடி எந்த இடத்தில் பிரிகிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று காட்டிக் கொடுக்கும்.

சுழி இருப்பவர்கள் இதை வெட்டால் தீர்க்க முயலக் கூடாது. தூக்கி நிற்கும் கொத்து நீளமாக இருப்பதால் தூக்கவில்லை. குட்டையாக்கினால் அதன் எடை குறைந்து இன்னும் விறைப்பாக நிற்கும். சுழியின் மேல் வரும் முடி மற்றதை விட அரை செ.மீ. நீளமாகவே இருக்கட்டும், மேலே ஏறிச் சுருங்கி மற்றதோடு சமமாகிவிடும். தினசரித் தீர்வு, குளித்து வந்தவுடன், மற்ற முடியைத் தொடும் முன், முதல் சோதனையில் சொன்ன மாற்றிச் சீவல். வேர் ஈரமாக இருக்கும் முதல் சில நிமிடங்களில்தான் சுழியை அடக்க முடியும், காய்ந்த பிறகு எவ்வளவு சீவினாலும் கேட்காது.

சுழி இல்லாமலே பிளந்தால், முடி போதவில்லை அல்லது நெற்றியின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஏறி முடி கற்றையாகிவிட்டது. இரண்டாவதுதான் நம் ஊர் வெயிலில் அதிகம். ஃபிரிஞ்சை மட்டும் வாஷ்பேசினில் துளி ஷாம்பு போட்டு அலசிக் காய வைத்துப் பாருங்கள். பிளவு போய்விட்டால் வெட்ட எதுவுமே இல்லை. நிஜமாகவே முடி போதவில்லை என்றால், ஃபிரிஞ்சுக்காக உச்சியிலிருந்து நெற்றி வரை பிரித்த முக்கோணத்தில் உச்சிமுனைக்குப் பின்னால் அரை செ.மீ. மட்டும் கூடுதலாகப் பிரித்து முன்னால் கொண்டுவந்து, பழைய நுனியை அளவாக வைத்துக் கொத்திச் சேர்க்கலாம்.

முக்கோணம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு: சீப்பைத் தலையின் மேல் முன்னும் பின்னுமாகத் தட்டையாக வையுங்கள். தலை நெற்றியை நோக்கி வளையத் தொடங்கும் இடத்தில் சீப்புக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடம்தான் முக்கோணத்தின் உச்சி. அதைத் தாண்டிப் பின்னால் போனால் முடி முன்னால் விழ மறுத்துப் பக்கவாட்டில் ஓடும்.

குறை 4: நுனி பலகை போல, அல்லது படிக்கட்டு போல இருக்கிறது

கத்திரியைக் கிடையாக வைத்து வெட்டியதால் வருவது. படி என்றால் ஒவ்வொரு வெட்டும் எங்கே முடிந்தது என்று தெரிகிறது. எளிதாகத் தீரும் குறை இது ஒன்றுதான். படியின் நீளமான மூலையை மட்டும், கத்திரியை நிமிர்த்திப் பிடித்துக் கொத்துங்கள். குட்டையான பக்கத்தைத் தொட்டால் படி கீழே இறங்காது, மேலேதான் ஏறும்.

அடர்த்தியான முடி பலகையாக நின்றால் கொத்தும் ஆழத்தை 5 மி.மீ. வரை கூட்டலாம், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பல் வைத்த தின்னிங் கத்திரியை வேர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். நடுவில் வெட்டுப்பட்ட குட்டை முடிகள் மற்றதைத் தள்ளிக்கொண்டு நிற்கும், இரண்டு வாரத்தில் ஃபிரிஞ்ச் இன்னும் உப்பித் தெரியும்.

குறை 5: காதோரத்தில் கொம்பு மாதிரி குட்டை முடி

ஃபிரிஞ்சை அகலமாகப் பிரித்திருக்கிறீர்கள். புருவத்தின் வெளி முனையைத் தாண்டி எடுத்த முடி நெற்றியில் விழாது, பொட்டுப்பக்கம் தனியாக நிற்கும். அங்கே முடி மெலிதாகவும் இருக்கும் என்பதால் இழப்பு பெரிதாகத் தெரியும். இதை ஃபிரிஞ்சோடு சமன்படுத்த முயன்று பக்கத்து நீளமுடியையும் எடுக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் ஃபிரிஞ்ச் அகலமாகிக்கொண்டே போகும். அந்தக் குட்டை முடியைத் துளி சீரம் தொட்டுப் பின்னால் ஒதுக்கிக் கிளிப் போட்டு, கன்னம் தொடும் வரை வளரவிட வேண்டும். அடுத்த தடவை வெட்டும்போது அதைப் பக்கத்து முடியோடு சேர்த்துக் கட்டி ஒதுக்கிவிட்டு, புருவ வளைவுகளுக்கு நடுவே விழும் முடியை மட்டும் வெளியே விடுங்கள்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒரு மாற்றம். மேலே சொன்ன கற்றை, அளவுக்கற்றை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. சீவாமல், சுருள் தானாக விழுந்து காய்ந்த நிலையில், ஒவ்வொரு சுருளாக அதன் கடைசி வளைவுக்குக் கீழே மட்டும் கொத்துங்கள். எந்தச் சுருளையும் நீட்டிப் பிடித்து அளக்காதீர்கள். மழைக்காலத்து ஈரக் காற்றில் சுருள் இன்னும் இறுகும், அதனால் வறண்ட நாளில் வெட்டுபவர்கள் சற்று நீளமாகவே விட வேண்டும்.

வெட்டி முடித்த அன்றே இரண்டாவது தடவை கை வைக்காதீர்கள். ஒரு தடவை தலைக்குக் குளித்துக் காய்ந்த பிறகும் அதே இடத்தில் அதே குறை தெரிந்தால், 2 மி.மீ. எடுங்கள். சாதாரணப் பராமரிப்புக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை கொத்தினால் கண்ணில் குத்தாமல் இருக்கும். கோணல் 1 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, குட்டைப் பக்கம் ஏற்கெனவே புருவத்துக்கு மேலே ஏறியிருந்தாலோ வீட்டில் சமன்செய்ய மிச்சம் முடி இல்லை. அப்போது பக்கவாட்டில் ஒதுக்கிச் சீவி, பார்லருக்குப் போய்ச் சாய்வு ஃபிரிஞ்சாக மாற்றிக் கேளுங்கள். போகும் அன்று எண்ணெய் வைக்காமல், வழக்கமாகச் சீவும் வகிட்டோடே போங்கள்.